மொத்தமாக எடுக்கிறேன், விலையைக் குறையுங்கள் என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சிட்ட அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்னத் தொழிலை வைத்தே எல்லாப் பதில்களையும் எழுதியிருக்கிறேன். எனக்குப் பழக்கமான தொழில் அது. பெட்டியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அது எந்த ஊர்ப் பணமாகவும் இருக்கலாம், கணக்கு மாறாது. நீங்கள் செய்வது வேறு பொருள் என்றால் உங்கள் செலவுகளை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

"ஆயிரம் பெட்டி எடுக்கிறேன், 15 சதவீதம் குறைத்துக் கொடுங்கள் என்கிறார். அந்த நிமிடத்தில் என்ன சொல்வது?"

எந்தச் சதவீதத்தையும் சொல்லாதீர்கள். முடியாது என்றும் சொல்ல வேண்டாம். "ஆயிரம் என்றால் கட்டாயம் ஏதாவது செய்யலாம் சார், எப்படி எடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் சரியான விலை போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு நான்கு விஷயங்களைக் கேளுங்கள். ஆயிரமும் ஒரே டிசைனா? ஒரே தடவையாக எடுக்கிறாரா, பிரித்தா? எங்கே இறக்க வேண்டும்? பணம் எப்போது?

நான் தொழிலுக்கு வந்த புதிதில், போனில் ஒருவர் இப்படிக் கேட்டதும் "பத்து போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன். நல்ல ஆர்டர் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற பதற்றம். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. ஐந்து டிசைன், மாதம் ஒரு லோடு, இரண்டு மாதக் கடன். பத்து என்று வாயால் சொன்ன பிறகு அதை எட்டாக்க எந்த வழியும் இல்லை. அந்த நான்கு கேள்விகளை முதலில் கேட்டிருந்தால் என் பதில் பத்தாக இருந்திருக்காது.

"லாபம் 30 வருகிறது. அதில் 15 போனாலும் 15 நிற்கிறதே, எண்ணிக்கை ஏறினால் ஈடுகட்டிவிடாதா?"

ஈடுகட்டும். எவ்வளவு ஏற வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தள்ளுபடி விற்பனை விலையில் 15 சதவீதம், ஆனால் அது மொத்தமும் உங்கள் லாபத்திலிருந்து போகிறது. அட்டைக்காரர் அவர் பங்குக்கு எதையும் குறைப்பதில்லை. 30 லாபம் 15 ஆனால் லாபம் பாதியாகிவிட்டது என்று பொருள். பழைய பணத்தையே மறுபடி பார்க்க இரண்டு மடங்கு விற்க வேண்டும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. தள்ளுபடியை, தள்ளுபடிக்குப் பிறகு மிஞ்சும் லாபத்தால் வகுங்கள்.

```
கூடுதலாக விற்க வேண்டிய பங்கு = தள்ளுபடி ÷ (லாபம் − தள்ளுபடி)
```

லாபம் 30, தள்ளுபடி 5 என்றால் 5-ஐ 25-ஆல் வகுக்க வேண்டும். 20 சதவீதம் கூடுதலாக விற்றால் போதும். தள்ளுபடி 10 என்றால் 50 சதவீதம். 15 என்றால் 100 சதவீதம். தள்ளுபடி ஏறும் வேகத்தைவிட, விற்க வேண்டிய எண்ணிக்கை ஏறும் வேகம் அதிகம். லாபமே 20 உள்ள தொழிலில் 10 சதவீதம் கொடுத்தாலே இரண்டு மடங்கு விற்றாக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 70 செலவில் செய்து 100-க்கு விற்பவர்களில் சிலர் "எனக்கு 43 சதவீதம் நிற்கிறது" என்பார்கள். அது செலவின் மேல் போட்ட கணக்கு. வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்பது விற்பனை விலையின் மேல். இரண்டையும் குழப்பிக்கொண்டால் 15 சின்னதாகத் தெரியும்.

மேலே உள்ள கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. எத்தனை பெட்டி செய்தாலும் ஒரு பெட்டியின் செலவு மாறாது என்று அது எடுத்துக்கொள்கிறது. மொத்த ஆர்டரில் செலவு குறைய வாய்ப்பு உண்டு. நாம் பேரம் பேச இருக்கும் இடமே அதுதான்.

"மொத்தமாகச் செய்தால் நமக்கு உண்மையில் எவ்வளவு மிச்சம்?"

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பேச்சுக்கும் உட்காரக் கூடாது. இந்த வாடிக்கையாளர் வழக்கமாக 200 பெட்டி எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்கு அட்டையும் மையும் 52. ஒட்டுக்கூலி 9. அச்சு மிஷினில் பிளேட் ஏற்றி செட்டிங் செய்ய ஒரு தடவைக்கு 1,200; அதை 200-ஆல் வகுத்தால் 6. கொண்டுபோய் இறக்க ஒரு நடைக்கு 600, அதாவது பெட்டிக்கு 3. மொத்தம் 70, லாபம் 30.

இப்போது ஆயிரம் பெட்டியை ஒரே டிசைனில், ஒரே ஓட்டத்தில் அச்சிட்டு, பெரிய வண்டியில் ஒரே நடையாக அனுப்புவோம். அட்டையும் மையும் அதே 52. கூலி அதே 9. செட்டிங் 1,200-தான், ஆனால் ஆயிரத்துக்குப் பிரிகிறது, 1.20. பெரிய வண்டிக்கு 1,000, பெட்டிக்கு 1. மொத்தம் 63.20. ஆக மிச்சம் 6.80.

அவர் கேட்பது 15. நமக்குக் கிடைப்பது 6.80. நடுவில் உள்ள 8.20 நம் பையிலிருந்து போக வேண்டிய பணம்.

அந்த 6.80 எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். பாதிக்கு மேல், 4.80, செட்டிங்கிலிருந்து வந்தது. ஐந்து டிசைன் என்றால் ஐந்து தடவை பிளேட் மாற்ற வேண்டும், அந்த 4.80 காணாமல் போகும். ஐந்து லோடாகப் பிரித்தால் மீதி 2-ம் போகும். அப்போது செலவு பழைய 70-தான். அதன்மேல் இரண்டு மாதக் கடனும் கொடுத்தால், பணத்தின் விலை மாதம் 1 சதவீதம் என்று வைத்தாலும், 85-க்கு 1.70 இன்னும் போகும். 85-இல் 71.70 கழிந்தால் நிற்பது 13.30.

அதாவது பேச்சில் "ஆயிரம்", வேலையில் ஐந்து 200. அவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஆயிரம்தான். நம் மிஷின் பக்கத்திலிருந்து பார்த்தால் இல்லை.

"அவர் சொல்வது புது ஆயிரமா, எப்படியும் வாங்கப் போகிற ஆயிரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பழைய பில்களைப் புரட்டினால் ஓரளவு தெரியும். கடந்த ஐந்து மாதத்தில் மாதம் 200 எடுத்திருந்தால், ஆயிரம் என்பது அடுத்த ஐந்து மாதத்தை முன்கூட்டியே வாங்குவதாகத்தான் இருக்கும். புதுக் கிளை திறக்கிறார், புதுப் பொருள் கொண்டுவருகிறார், வேறொரு சப்ளையரிடமிருந்து இங்கே மாறுகிறார் என்றால் அது புது எண்ணிக்கை.

இந்த வித்தியாசம் பெரியது. எப்படியும் வாங்கும் ஆயிரம் என்றால் பழைய விலையில் 30,000 வந்திருக்கும். 85-க்கு ஒரே ஓட்டமாகக் கொடுத்தால் 21,800 வரும். 8,200 நட்டம். புது ஆயிரம் என்றால் அதே 21,800 முழுக்க வரவு.

ஆனால் இதைத் துப்பறிவதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம் என்பேன். அவருக்கே சில சமயம் தெரிந்திருக்காது. அவர் சொல்வது புது எண்ணிக்கையாக இருந்தாலும் பழையதாக இருந்தாலும் நமக்குக் குறையாத மாதிரி மாற்று விலையை அமைத்துவிட்டால், உண்மை எது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பெட்டிக்கு 30 நிற்கிற மாதிரி எந்த யோசனையை வைத்தாலும் அது நடந்துவிடும்.

"சரி, அந்த மாற்று யோசனையை எப்படி அமைப்பது? ஒன்றே ஒன்று சொல்லலாமா, நாலைந்து சொல்லலாமா?"

இரண்டோ மூன்றோ போதும். ஒன்று மட்டும் சொன்னால் அவர் வேண்டும், வேண்டாம் என்று முடித்துவிடுவார். ஐந்து சொன்னால் எதையும் தேர்ந்தெடுக்காமல் "யோசித்துச் சொல்கிறேன்" என்று போய்விடுவார். நம் பெட்டிக் கணக்குக்கு நான் எழுதித் தருவது இப்படி இருக்கும்.

முதலாவது, அவர் கேட்ட வசதி அப்படியே: ஐந்து டிசைன், மாதம் ஒரு லோடு, 60 நாள் கடன். விலை 100. தள்ளுபடி இல்லை. கடனுக்கான 2 போக நமக்கு நிற்பது 28. முன்பெல்லாம் இறக்கியதும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்றால், இந்தக் கடனே அவருக்கு ஒரு சலுகைதான் என்பதை வாயால் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்.

இரண்டாவது, ஒரே டிசைன், ஒரே ஓட்டம், இரண்டு லோடு, பாதி முன்பணம், மீதி லோடு இறக்கும்போது. விலை 94. ஐந்நூறு பெட்டி ஏற்றும் வண்டிக்கு நடைக்கு 800 என்றால் பெட்டிக்கு 1.60. செலவு 63.80, நிற்பது 30.20.

மூன்றாவது, ஒரே டிசைன், ஒரே லோடு, முழுப் பணமும் முன்பே. விலை 92. பணம் கையில் இருந்தால் அட்டையை ரொக்கத்துக்கு வாங்கலாம். அதில் பெட்டிக்கு 2 குறைகிறது என்றால் செலவு 61.20, நிற்பது 30.80. உங்கள் அட்டைக்காரர் ரொக்கத்துக்கு எதுவும் குறைக்க மாட்டார் என்றால் இந்த 92-ஐச் சொல்லாதீர்கள், 93 அல்லது 94-இலேயே நில்லுங்கள்.

விலை இறங்கிக்கொண்டே போகிறது, நம் லாபம் இறங்கவில்லை. அவருக்கு 8 சதவீதம் வரை உண்மையாகவே கிடைக்கிறது. அந்தப் பணம் நம் லாபத்திலிருந்து எடுத்ததில்லை, வேலை மிச்சமானதிலிருந்து வந்தது.

சொல்லும் முறையிலும் ஒரு வரிசை இருக்கிறது. நிபந்தனை முதலில், விலை பின்னால். "ஒரே டிசைனாக எடுத்து, பாதி முன்பணம் கொடுத்தீர்கள் என்றால் 94-க்குத் தரலாம்" என்று சொல்லுங்கள். "94-க்குத் தருகிறேன், ஆனால்..." என்று ஆரம்பித்தால் 94 மட்டும் காதில் விழும். ஆனாலுக்குப் பிறகு வந்ததெல்லாம் காற்றோடு போகும். எழுதிக் கொடுக்கும் கொட்டேஷனிலும் நிபந்தனையை விலைக்குப் பக்கத்திலேயே அதே வரியில் போடுங்கள். கீழே சின்ன எழுத்தில் போட்டால் அதை அவருடைய கணக்காளர் படிக்கவே மாட்டார்.

"எல்லாம் கேட்டுவிட்டு, 'அதெல்லாம் வேண்டாம், ரவுண்டாகப் பத்து போட்டுவிடுங்கள்' என்றால்?"

இது நடக்கும், நடந்தே தீரும். இந்த இடத்தில் வெறுமனே இன்னொரு 2 சதவீதம் விட்டால், முதலில் சொன்ன விலை பொய் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. அடுத்த தடவை அவர் இன்னும் கீழிருந்து ஆரம்பிப்பார்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் பதிலாக எதையாவது கேளுங்கள். "உங்கள் வண்டியை அனுப்பி எடுத்துக்கொண்டால் 93." இரண்டாவது யோசனையின் 94-இலிருந்து நாம் 1 விடுகிறோம், வண்டிச் செலவில் 1.60 மிச்சம். நிற்பது 30.80, முன்பைவிடக் கூட. அவருக்கும் ஏற்கெனவே நம் பக்கம் வந்துபோகிற வண்டி இருந்தால் அது செலவே இல்லை. அப்படிப்பட்ட இடங்களைத் தேடுங்கள்: அவருக்குச் சுலபமானது, நமக்குக் காசானது.

இறங்கும் படிகள் சின்னதாகிக்கொண்டே வர வேண்டும். முதலில் 6, அப்புறம் 1, அப்புறம் அரை. இதைப் பார்க்கிற யாருக்கும் அடி வந்துவிட்டது என்று புரியும். 2, 2, 2 என்று இறங்கினால் இன்னும் 2 இருக்கிறது என்றுதான் தோன்றும்.

கடைசியில் நிறுத்தவும் வேண்டும். "இதற்குக் கீழே போனால் அட்டையின் கனத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். மெல்லிய அட்டையில் 88-க்கு வரும், மாதிரி காட்டட்டுமா?" என்பது எனக்குப் பிடித்த நிறுத்தம். விலை குறைந்தால் பொருளும் மாறும் என்பதைக் கையில் கொடுத்துக் காட்டிவிடலாம். பெரும்பாலும் மாதிரியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பழைய அட்டையே போதும் என்பார்கள். மெல்லியதே போதும் என்றாலும் சரி, அந்த அட்டைக்கும் நம் 30 நிற்கிறதா என்று முன்பே போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

"விலையைத் தொடாமல் கொஞ்சம் பெட்டியை இலவசமாகக் கொடுத்தால் நல்லதா?"

ஆயிரத்துக்கு 50 இலவசம் என்றால் காதுக்கு 5 சதவீதம் மாதிரி இருக்கும். நமக்கு ஆகும் செலவு அந்த 50 பெட்டிக்கான அட்டையும் கூலியும் மட்டும், பெட்டிக்கு 61, மொத்தம் 3,050. ஆயிரத்துக்கு 5 சதவீதம் விலையில் குறைத்திருந்தால் 5,000 போயிருக்கும். பில்லில் விலை 100 என்றே நிற்கும், அடுத்த பேச்சு அங்கிருந்து தொடங்கும். இவ்வளவும் நல்லதுதான்.

ஆனால் அந்த 50 பெட்டி அவருக்கு உண்மையில் தேவைப்படுமானால், அடுத்த மாதம் அவர் 50 குறைவாக வாங்குவார். அப்போது நாம் இழந்தது 100-க்கு விற்கவேண்டிய 50 பெட்டி. கணக்கு மறுபடி 5,000-க்கே வந்துவிடும். ஆகவே அவர் எப்படியும் வாங்கும் பொருளை இலவசமாகக் கொடுப்பது, தள்ளுபடியை வேறு பெயரில் கொடுப்பது.

அவர் காசு கொடுத்து வாங்காத, ஆனால் விரும்புகிற ஒன்றைக் கொடுப்பது மேல். ஒரு மாதம் நம் குடோனிலேயே வைத்திருந்து தேவைப்படும்போது அவர் எடுத்துக்கொள்வது. அவசர ஆர்டர் வந்தால் வரிசையில் முன்னால் விடுவது. ஆறு மாதத்துக்கு விலை ஏற்றமாட்டேன் என்ற உறுதி. கடைசியாகச் சொன்னது வாங்குகிறவருக்கு ரொம்பப் பிடிக்கும், அதில்தான் ஆபத்தும் அதிகம். செலவில் 52 அட்டையும் மையும். அட்டை 10 சதவீதம் ஏறினால் நம் லாபத்தில் சுமார் 5 போகும். "அட்டை விலை 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மறுபடி பேசுவோம்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

"ஆயிரம் என்று சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டு, 300 எடுத்துவிட்டு நின்றுவிட்டால்?"

பிரித்து எடுக்கும் ஆர்டர்களில் இதுதான் முதல் பயம், நியாயமான பயம். கொடுத்த தள்ளுபடியைத் திரும்பக் கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் ஒரு வாடிக்கையாளரை இழக்காமல் அது நடக்காது.

அதனால் தள்ளுபடியைப் பின்னால் வையுங்கள். ஒவ்வொரு பில்லும் 100-க்கே போகட்டும். ஆயிரமாவது பெட்டி போன அன்று 6,000 வரவு வைத்து, அடுத்த பில்லில் கழித்துவிடுங்கள். 300-இல் நின்றால் கொடுத்தது எதுவும் இல்லை. 800-இல் இருப்பவர் மீதி 200-க்கு வேறு கடைக்குப் போகவும் யோசிப்பார். எத்தனை தேதிக்குள் ஆயிரம் முடிய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தேதி போடாத ஆயிரம் இரண்டு வருடம் இழுக்கும்.

இரண்டு லோடு யோசனையில் பயம் வேறு மாதிரி. ஆயிரத்தையும் அவர் பெயர் போட்டு அச்சிட்டுவிட்டோம், வேறு யாருக்கும் விற்க முடியாது. இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு, 47,000 முன்பணத்தை முதல் லோடின் பில்லில் கழித்துவிடுவது. முதல் லோடின் பில் சரியாக 47,000. அவர் பணம் எதுவும் கொடுக்காமல் 500 பெட்டி எடுத்துப் போவார். நம்மிடம் பணமில்லாத 500 பெட்டி கிடக்கும். முன்பணத்தைக் கடைசி லோடில் கழியுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பாதிப் பாதியாகக் கழிக்கலாம். அப்போது முதல் லோடு போனதும் நம் கையில் 70,500 இருக்கும். மொத்தச் செலவு 63,800-தான். இரண்டாவது லோடை அவர் எடுக்காமலே போனாலும் கைக்காசு போகாது.

"எல்லோரும் கேட்கிறார்கள், பேசாமல் எண்ணிக்கைக்கு ஏற்ற விலைப்பட்டியலைப் போட்டு மாட்டிவிடலாமா?"

மாட்டலாம், ஒரு பள்ளத்தை மட்டும் தாண்டிப் போடுங்கள். "500-க்குக் கீழே 100, 500-உம் அதற்கு மேலும் 92" என்று போட்டால் என்ன ஆகும்? 499 பெட்டிக்கு 49,900. 500 பெட்டிக்கு 46,000. ஒரு பெட்டி கூட வாங்குகிறவர் 3,900 குறைவாகக் கொடுக்கிறார். 460-க்கு மேல் தேவைப்படும் யாரும் 500 என்றே எழுதுவார். அவர் செய்வதில் தப்பு இல்லை, பட்டியல் அப்படிச் சொல்கிறது.

"முதல் 500 வரை 100, அதற்கு மேல் வரும் பெட்டிகளுக்கு மட்டும் 92" என்று போட்டால் இந்தப் பள்ளம் இல்லை. ஆயிரம் எடுப்பவருக்கு 96,000, சராசரி 96. பட்டியலின் தலைப்பில் "ஒரே டிசைன், ஒரே லோடு" என்பது கட்டாயம் இருக்க வேண்டும்.

"இவருக்குக் குறைத்தது இன்னொருவருக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவாரே?"

தெரியும் என்றே வைத்துக்கொண்டு விலை போடுங்கள். "அவர் ஒரே டிசைனில் ஆயிரம் எடுத்தார், பாதி முன்பணம் கொடுத்தார், நீங்களும் அப்படி எடுத்தால் உங்களுக்கும் 94" என்று சொல்ல முடிந்தால் சண்டை இல்லை, சில சமயம் இன்னொரு ஆர்டர்கூட வரும். "அவர் ரொம்பக் கேட்டார், கொடுத்துவிட்டேன்" என்பதுதான் சொல்ல முடியாத பதில். அமெரிக்காவில் 1936-இல் வந்த ராபின்சன்-பாட்மன் சட்டமும் இதை ஒட்டித்தான் போகிறது. தங்களுக்குள் போட்டியிடும் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொருளை வேறு விலைக்கு விற்றால் கேள்வி வரலாம், ஆனால் விலை வித்தியாசம் உண்மையான செலவு மிச்சத்தால் வந்தது என்று காட்டுவது ஏற்கத்தக்க பதில்.

"வேறு இடத்தில் 80-க்குத் தருகிறார்களாம். என்ன செய்வது?"

அந்தக் கொட்டேஷனைப் பார்க்கலாமா என்று சாதாரணமாகக் கேளுங்கள். அட்டையின் கனம், எத்தனை கலர் அச்சு, வண்டி வாடகை சேர்த்தா, வரி சேர்த்தா என்று பார்த்தால் பாதி நேரம் அது வேறு பெட்டியாக இருக்கும். நிஜமாகவே அதே பெட்டி 80 என்றால் விட்டுவிடுங்கள். நம் சிறந்த செலவே 61.20, அங்கே நிற்பது 18.80. அவரை 80-க்குப் பிடித்து வைத்தால் அடுத்த வருடமும் 80-தான்.

"அவர் கேட்ட 85-க்கே கொடுப்பது சரியாக இருக்கும் நேரம் உண்டா?"

உண்டு. மேலே சொன்னதை எல்லாம் படித்துவிட்டு 85-ஐ எப்போதும் மறுக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை இல்லாத நேரம் ஒன்று. மிஷின் இரண்டு வாரமாகச் சும்மா நிற்கிறது, வந்தவர் புது ஆள், ஒரு தடவை ஆர்டர் என்றால் 63.20-க்கு மேல் வருவதெல்லாம் வரவு. வாடகையும் சம்பளமும் எப்படியும் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் பழைய வாடிக்கையாளர், எப்படியும் வாங்கும் பெட்டி என்றால் வேலை இல்லாத நேரத்திலும் 85 கூடாது. அவருக்குக் குறைத்தால் சும்மா நிற்கும் மிஷின் இன்னும் கொஞ்சம் சும்மா நிற்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும், வேலை நிறைந்து வழியும் நேரம். மிஷின் நேரத்தை வைத்துப் பாருங்கள். ஒரு தடவை செட்டிங் செய்ய 2 மணி நேரம், 200 பெட்டி அடிக்க 2 மணி நேரம் என்றால், 200 பெட்டி ஆர்டர் 4 மணி நேரத்தில் 6,000 தருகிறது. மணிக்கு 1,500. ஆயிரம் பெட்டி ஒரே ஓட்டத்துக்கு 2-உம் 10-உமாக 12 மணி நேரம். 85-க்கு விற்றாலும் 21,800, மணிக்கு ஏறக்குறைய 1,800. ஐந்து தடவையாக அடித்தால் ஆகும் 20 மணி நேரத்தில் 8 மணி நேரம் விடுபடுகிறது. வெளியே ஆர்டர்கள் காத்திருந்தால் அந்த 8 மணி நேரத்தில் 12,000 சம்பாதிக்கலாம். இரண்டையும் கூட்டினால் 33,800, பழைய 30,000-ஐவிடக் கூட.

அதாவது விடுபடும் மிஷின் நேரத்துக்கு ஆள் இருந்தால் 85 மோசமில்லை. ஆள் இல்லாவிட்டால் அந்த 8 மணி நேரத்துக்கு மதிப்பே இல்லை. இந்தக் கணக்கும் ஒரே டிசைன், ஒரே ஓட்டம் என்றால் மட்டும்தான் நிற்கும். ஐந்து டிசைன் என்றால் நேரம் எதுவும் விடுபடாது.

"போன வருடமே 15 கொடுத்துத் தொலைத்துவிட்டேன். இப்போது எப்படி மேலே கொண்டுவருவது?"

விலையை ஏற்றுகிறேன் என்று சொன்னால் முகம் மாறும். அந்த 15-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அதை நிபந்தனைகளாக உடைத்து எழுதிக் கொடுங்கள்: ஒரே டிசைன் என்றால் 5, முன்பணம் என்றால் 3, ஒரே லோடு என்றால் 2, வருடத்தில் 3,000 தாண்டினால் இன்னும் 5. கூட்டினால் அதே 15. அவர் எதைச் செய்யவில்லையோ அந்தப் பங்கு மட்டும் தானாகக் கழன்றுவிடும். எல்லாவற்றையும் செய்து 15-ஐயும் வாங்கிக்கொள்கிறார் என்றாலும் முன்பு 13.30-இல் நின்றவர் இப்போது 20-க்கு மேல் தருகிறார், அதுவும் 3,000 தாண்டிய பிறகு. புது அளவோ புது டிசைனோ கேட்கும்போது அதற்குப் பழைய விலை என்று ஒன்று கிடையாது, அங்கே நேராக 94-இலிருந்து தொடங்கலாம்.